"ஹராமாம்": பொதிகளின் மேலுள்ள மூன்று சொற்களை வாசித்தல்

மூன்று வருடங்களுக்கு முன் தரம் ஆறில் நடந்தது. தோட்டப்புறத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அன்று பிறந்தநாள். ஒரு பை நிறைய டொபி கொண்டு வந்திருந்தான். என்னிடம் ஒன்று தந்துவிட்டு வகுப்புக்குக் கொடுக்கப் போனான். முதல் வரிசையில் இருந்த இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது பிள்ளை கையை இழுத்துக்கொண்டான்.

"சேர், அத திண்ண வாணாம். ஹலால் அடிச்சி இல்ல. ஹராமாம்."

"ஆரு சென்ன?"

"எல்லாரும் செல்லிய சேர்."

வாங்கிய இருவரும் டொபியை மேசையில் வைத்துவிட்டார்கள். கொண்டுவந்த பிள்ளை பையோடு நின்றான். எனக்கும் அந்த இடத்தில் சொல்ல ஒரு பதில் இருக்கவில்லை. "பொறகு பாப்பம்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்கினேன். அன்று தப்பித்துக்கொண்ட அந்தப் பதிலைத் தேடியதே இந்தக் கட்டுரை.

நான் தமிழ் படித்தவன், மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தை இலக்கணம் படித்தவனை நிறுத்தி வைக்கும் வார்த்தை. "ஹராம்" என்று அவன் சொல்லவில்லை, "ஹராமாம்" என்றான். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது நாம் சேர்க்கும் "ஆம்" அது. "மழை பெய்தது" என்பவன் கண்டவன், "மழை பெய்ததாம்" என்பவன் கேட்டவன். அந்தச் சிறிய விகுதி, "இதற்கு நான் சாட்சியில்லை" என்கிறது. ஹலால், ஹராம், மஷ்பூஹ் ஆகிய மூன்று சொற்களும் நம் கடைகளில் எப்படி வாசிக்கப்படுகின்றன என்பதை விளங்க இந்த "ஆம்" உதவும்.

அச்சில் இருப்பது ஒரே ஒரு சொல்

மாத்தளை நகரில் ஏதாவது ஒரு பலசரக்குக் கடையில் நின்று பொதிகளைத் திருப்பிப் பாருங்கள். "ஹலால்" என்ற சொல் சிலவற்றில் இருக்கும். "ஹராம்" என்ற சொல் எதிலும் இராது. "மஷ்பூஹ்" என்பதும் இராது. மூன்று சொற்களால் ஆன ஒரு முறையில் ஒரு சொல் மட்டுமே பொதியில் அச்சாகிறது, மற்ற இரண்டையும் வாங்குபவர் தன் மனதில் அச்சடித்துக்கொள்கிறார். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

அச்சாகும் அந்த ஒரு சொல்லை முதலில் பார்ப்போம். ஹலால் என்பதன் அரபு வேர் முடிச்சை அவிழ்ப்பதைக் குறிக்கும். கட்டில்லாதது, விடுபட்டது என்று கொள்ளலாம். பொருட்களின் அடிப்படை நிலை அனுமதியே, தடுப்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும் என்பது பிக்ஹில் எல்லோரும் அறிந்த விதி. இறைச்சி இதற்கு விலக்கு. அறுக்கப்பட்ட முறை தெரியவேண்டும் என்பதால் அங்கே தேடல் மறுபக்கத்திலிருந்து தொடங்கும். ஆகவே ஹலால் என்பது ஒரு பொருளுக்குப் பிறகு வந்து சேரும் சிறப்பு அல்ல. அரிசிக்கும் பருப்பிற்கும் வாழைப்பழத்திற்கும் யாரும் அதை வழங்கவேண்டியதில்லை.

அப்படியானால் பொதியில் உள்ள முத்திரை என்ன சொல்கிறது? "இந்தப் பொருளை இன்னார் பார்த்தார்" என்று சொல்கிறது. அது பொருளைப் பற்றிய சொல் என்பதைவிட ஒரு சாட்சியைப் பற்றிய சொல். என் இலக்கணத்தில் சொன்னால், முத்திரையும் ஒரு "ஹலாலாம்"தான். ஆனால் சொன்னவர் யாரென்று தெரிந்த "ஆம்". சான்றிதழ் வழங்கிய அமைப்பின் பெயர் முத்திரையில் இருக்கவேண்டும், அதனிடம் விசாரித்தால் இந்தப் பொருளுக்குத்தான் வழங்கியதா என்று தெரியவேண்டும். பெயரே இல்லாமல் அரபு எழுத்தில் அழகாக "ஹலால்" என்று மட்டும் அச்சடித்த பொதிகளும் சந்தையில் உண்டு. அந்தச் சொல்லுக்குச் சாட்சி, விற்பவர் ஒருவரே. அரபு எழுத்தைக் கண்டதும் மனம் இளகும் நம் பழக்கம் அவருக்குத் தெரியும்.

உலகளாவிய உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1997இல் ஹலால் என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்கென்றே வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் நம்மில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. ஹலால் என்று குறிப்பிடுவதை, அப்படிக் குறிப்பிடாத அதே வகை உணவின் பாதுகாப்பில் சந்தேகம் எழும் வகையில் பயன்படுத்தக் கூடாது. மற்றதைவிட இது சத்தானது, ஆரோக்கியமானது என்று காட்டவும் கூடாது. அதாவது இருக்கும் சொல், இல்லாத இடத்தைக் குற்றஞ்சாட்டக் கூடாது. எங்கள் தரம் ஆறு வகுப்பில் நடந்தது துல்லியமாக அந்தக் குற்றச்சாட்டுத்தான்.

சொல் மறைந்த வருடம்

இல்லாத முத்திரையை எப்படி வாசிப்பது என்ற கேள்வி இந்த நாட்டு முஸ்லிம்களுக்கு ஒரு தடவை பரீட்சையாகவே வந்தது. அது 2013.

அதுவரை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்றிதழை வழங்கி வந்தது. 2012இன் கடைசியிலிருந்து பொதுபல சேனா அதை ஒரு பிரசாரப் பொருளாக எடுத்தது. 2013 பெப்ரவரி 17இல் மஹரகமவில் நடந்த பெரிய கூட்டத்தில் ஹலால் முத்திரைக்கு எதிரான கோரிக்கை முன்னிலையில் நின்றது. சிறுபான்மை ஒன்றின் மார்க்கச் சொல்லுக்குப் பெரும்பான்மை ஏன் காசு கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. மார்ச் 11இல் ஜம்இய்யா ஊடகவியலாளர்கள் முன் வந்து, உள்நாட்டுச் சந்தைக்கான பொதிகளில் முத்திரை வேண்டியதில்லை என்று அறிவித்தது. பிறகு சான்றிதழ்ப் பொறுப்பிலிருந்தும் அது விலகியது. 2014 முதல் ஹலால் அக்ரடிடேஷன் கவுன்சில் என்ற தனி அமைப்பு அப்பணியைச் செய்து வருகிறது.

இந்த வரலாற்றின் அரசியலைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அதிலுள்ள வாசிப்புப் பிரச்சினை. ஒரே சொல், ஒரே பொதியில், இரண்டு பேருக்கு இரண்டு செய்தியைச் சொன்னது. முஸ்லிம் ஒருவருக்கு "ஒருவர் பார்த்திருக்கிறார், நீ நிம்மதியாக வாங்கு" என்றது. பக்கத்தில் நின்று அதே பிஸ்கட்டை வாங்கிய சிங்களவர் ஒருவருக்கு, அவருக்கு விளங்காத எழுத்தில், "இது உனக்கானதல்ல" என்று சொல்வதாகத் தோன்றும்படி செய்துவிட்டார்கள். சொல்லை விளக்கவேண்டிய காலத்தில் நாம் விளக்கவில்லை. முத்திரை என்பது ஒரு சாட்சியம் மட்டுமே என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல நம்மால் முடிந்திருக்கும், அதை முதலில் நாமே விளங்கியிருந்தால்.

ஏனென்றால் முத்திரை மறைந்த அந்த மாதங்களில் நம் வீடுகளில் நடந்தது வேறு. அந்த வருடம் எங்கள் வீட்டில் என் உம்மா கையில் பிஸ்கட் பொதியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. "நேத்து வரெக்கும் ஈந்த ஹலால் இண்டெக்கி எங்க போன?" என்று கேட்டார். கேள்வியில் விடையும் இருந்தது. மாவு மாறவில்லை, எண்ணெய் மாறவில்லை, தொழிற்சாலை மாறவில்லை. மாறியது உறை மட்டுமே. சாட்சி எழுந்து போனால் சம்பவம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆனாலும் பலர் வாங்குவதை நிறுத்தினார்கள். பல வருடங்களாக முத்திரை தேவைப்படாத பொருளிலும் அதைத் தேடியே பழகியிருந்த கண்கள், அது இல்லாத இடத்தில் அச்சடிக்கப்படாத இன்னொரு சொல்லை வாசித்தன. "ஹராமாம்" என்பது அந்த வாசிப்பின் பிள்ளை. 2013இல் பிறந்திராத பிள்ளைகளின் நாவிலும் அது இன்று வாழ்கிறது.

சந்தேகம் பொருளிலா, நம்மிலா?

இனி மஷ்பூஹ். இந்தச் சொல்லைப் பொதியில் காணமாட்டோம் என்றேன். நாம் அதைச் சந்திப்பது ஈ இலக்கப் பட்டியல்களில். முன்பு போட்டோ பிரதியாகப் பள்ளிவாசல் வாசலில் கிடைக்கும், இப்போது கைத்தொலைபேசியில் வருகிறது. ஒரு பக்கம் எண், மறுபக்கம் "ஹலால்", "ஹராம்", "மஷ்பூஹ்" என்ற தீர்ப்பு. பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இது ஒட்டப்பட்டிருக்கும். என் விமர்சனம் முக்கியமாக இந்தப் பட்டியலின் மீதுதான்.

மஷ்பூஹ் என்பது அரபியில் செயப்பாட்டுப் பொருள் தரும் சொல். "சந்தேகிக்கப்பட்டது" என்று தமிழாக்கலாம். சந்தேகிக்கப்பட்டது என்றால் சந்தேகிப்பவர் ஒருவர் இருக்கவேண்டும். நுஃமான் பின் பஷீர் (ரழி) அறிவிக்கும் புகழ்பெற்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும் காரியங்கள் உண்டு என்பது அதன் கருத்து. அங்கே வருவது முஷ்தபிஹாத் என்ற சொல், மஷ்பூஹின் அதே வேர். அடுத்துவரும் பகுதியைத்தான் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம்: மக்களில் அநேகர் அவற்றை அறியமாட்டார்கள். அநேகர் என்றால் எல்லோரும் அல்ல. அறிந்தவர் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தக் காரியம் ஒன்றில் ஹலால், அல்லது ஹராம். ஆகவே மஷ்பூஹ் ஹலாலுக்கும் ஹராமுக்கும் நடுவில் உள்ள மூன்றாவது வகைப் பொருள் அல்ல. அது நம் அறிவின் நிலை, பொருளின் நிலை அல்ல.

பட்டியல் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. "471 - மஷ்பூஹ்" என்று எழுதியதும் சந்தேகம் 471இன் நிறம், மணம் போல அதன் குணமாகிவிடுகிறது. கேட்டு அறியவேண்டிய கேள்வி, முடிந்த தீர்ப்பாகிவிடுகிறது. இன்னொரு தவறும் உண்டு. தன்மையில் வேறான இரண்டு சந்தேகங்களைப் பட்டியல் ஒரே சொல்லில் போட்டுக் கட்டுகிறது. இரண்டு எண்களை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாவது 471. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள் இது. கேக், ஐஸ்கிரீம், மாஜரீன், டொபி என்று எங்கும் வரும். கொழுப்பொன்றைக் கிளிசரீனோடு சேர்த்து இருநூறு பாகைக்கு மேல் சூடாக்கினால் கிடைக்கும். அந்தக் கொழுப்பு பாம் எண்ணெயாகவும் இருக்கலாம், சோயாவாகவும் இருக்கலாம், மாட்டுக் கொழுப்பாகவும் பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். எல்லாவற்றிற்கும் எண் ஒன்றுதான். பன்றிக் கொழுப்பையோ மாட்டுக் கொழுப்பையோ நேரடியாகச் சேர்த்தால் அதன் பெயரைச் சொல்லியே லேபலில் எழுதவேண்டும் என்று கோடெக்ஸின் பொதுவான லேபல் விதி சொல்கிறது. ஆனால் அதே கொழுப்பு 471 ஆக மாறிய பிறகு "எமல்சிபயர் 471" என்று எழுதினால் போதும். இந்த இடைவெளியில்தான் நம் சந்தேகம் பிறக்கிறது. இங்கே மார்க்கச் சட்டத்தில் நமக்குக் குழப்பமில்லை, தெரியாதது நடந்த விஷயம். அதைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், உற்பத்தியாளர். கேட்டால் சந்தேகம் தீரும்.

இரண்டாவது 120. சிவப்பு நிறம். கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி எடுப்பது. இதில் நடந்த விஷயத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. பூச்சிதான், வேறொன்றுமில்லை. வேறுபடுவது தீர்ப்பு. பூச்சி உண்ணத் தகாதது என்பதால் தடுப்பவர்கள் பலர். இந்தோனேசிய உலமா சபையோ 2011இல் கொச்சினீல் நிறம் ஹலால் என்று பத்வா வழங்கியது. இந்தச் சந்தேகத்தைக் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்துத் தீர்க்க முடியாது, ஆலிம் ஒருவரிடம்தான் போகவேண்டும்.

471 பற்றி ஹஸரத்திடம் கேட்பவரும், 120 பற்றிக் கொம்பனியிடம் கேட்பவரும் தவறான கதவைத் தட்டுகிறார்கள். "மஷ்பூஹ்" என்று ஒரே சொல்லை இரண்டிற்கும் போட்ட பட்டியல், எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சொல்லாமல் விட்டது. அதனால் பெரும்பாலானோர் எந்தக் கதவையும் தட்டுவதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு எங்கள் மாத்தளை மண்ணிலேயே ஒரு சாட்சி நிற்கிறது, சாதிக்காய் மரம். எண்ணும் இல்லை, பொதியும் இல்லை, கொல்லையில் காய்க்கிறது, வட்டிலப்பத்தில் விழுகிறது. ஆனால் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமி, சாதிக்காய் போதை தருவது என்பதால் அது ஹராம் என்று எழுதினார். போதை தராத சிறிய அளவு கூடும் என்ற கருத்தும் அறிஞர்களிடையே உண்டு. காய் எங்கிருந்து வந்தது என்பதில் இங்கே ஒளிவுமறைவே இல்லை, இருப்பது கருத்து வேறுபாடு. வட்டிலப்பத்தை நிம்மதியாக உண்ணும் நாம் 471ஐக் கண்டு நடுங்குவது சந்தேகத்தின் அளவைப் பார்த்து அல்ல. ஒன்று உம்மாவின் கையால் வந்தது, மற்றது அந்நியர் கையால் வந்தது.

ஒரு டொபிப் பையை வாசித்தல்

இனி அந்த டொபிக்கு வருகிறேன். தனி டொபியின் உறையில் பெயர் மட்டுமே இருக்கும், சேர்மானங்கள் பெரிய பையில்தான் அச்சாகும். ஆகவே மறுநாள் பின்னேரம் நகரில் ஒரு கடைக்குப் போய் அதே டொபியின் பையைக் கேட்டேன். கடைக்கார நானா சிரித்தார். "என்ன சேர், டொபிக்கும் பரீட்சையா?"

ஹலால் முத்திரை இருக்கவில்லை. சேர்மானங்கள் இவை: சீனி, குளுக்கோஸ் சிறப், தாவரக் கொழுப்பு, பால்மா, எமல்சிபயர் 322, 471, உப்பு, சுவையூட்டி. ஜெலட்டின் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன். மெல்லக்கூடிய இனிப்பு வகைகளில் முதலில் தேடவேண்டியது அதைத்தான். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. எந்த விலங்கு, எப்படி அறுத்தது என்ற இரண்டு கேள்விகள் அதற்கு உண்டு. நோன்பு காலத்தில் நாம் செய்யும் கடற்பாசியும் ஜெலட்டினும் கண்ணுக்கு ஒன்றுபோல் உறைந்தாலும், ஒன்று கடலில் விளையும் தாவரம், மற்றது மிருகம்.

மிச்சத்தில் சீனி, உப்பு, பால்மா கேள்வியற்றவை. குளுக்கோஸ் சிறப் சோளம் போன்றவற்றின் மாப்பொருளிலிருந்து வருவது. 322 லெசிதின், பெரும்பாலும் சோயா. முட்டையிலிருந்து வந்தாலும் தடையில்லை. "தாவரக் கொழுப்பு" என்ற சொல்லைக் கண்டு 471உம் தாவரம்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பிரதான கொழுப்பைப் பற்றிய சொல் மட்டுமே, 471 வேறாக வாங்கிச் சேர்ப்பது. ஆக எட்டுச் சேர்மானத்தில் கேள்வி இரண்டில்தான். 471 எதிலிருந்து வந்தது? சுவையூட்டி எதில் கரைக்கப்பட்டது, மதுசாரத்திலா?

பையில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்த மகள் உடனே, "ஹலால்தான் சேர்" என்றார். அது பதில் அல்ல. அவருக்கும் அது ஒரு "ஆம்"தான். "மகள், எனக்கு ஹலாலா எண்டு சொல்ல வேணாம். 471 எந்தக் கொழுப்பு, சுவையூட்டி எதில கரைச்சது, இத மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ" என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். 471 பாம் எண்ணெயிலிருந்து, வழங்குநரின் ஆவணம் கையில் இருக்கிறது. சுவையூட்டியில் மதுசாரம் இல்லை, புரோப்பிலீன் கிளைகோலில் கரைத்தது.

இந்தப் பதிலின் பெறுமதி எவ்வளவு? சான்றிதழுக்கு இது சமமல்ல. சொல்பவர் விற்பவர். நாளை வழங்குநரை மாற்றினால் என்னிடம் சொல்லமாட்டார். முடிந்த டொபியை ஆய்வுகூடத்திற்கு அனுப்பி 471 பாமா பன்றியா என்று பார்ப்பதும் இலகுவான காரியமல்ல. சுத்திகரித்துச் சூடாக்கிய கொழுப்பில் விலங்கை அடையாளம் காட்டும் மரபணு அநேகமாக மிஞ்சுவதில்லை, சேர்க்கும் அளவும் மிகச் சிறியது. ஆகவே ஆவணத்தைப் பின்தொடர்ந்து போவதே வழி. ஹலால் சான்றிதழ் வழங்கும் அமைப்பு செய்யும் உண்மையான வேலை இதுதான். தொழிற்சாலைக்குப் போய், ஒவ்வொரு சேர்மானத்தின் ஆவணத்தையும் பார்த்து, காலத்துக்குக் காலம் திரும்பவும் பார்க்கிறது. முத்திரையின் மதிப்பு அந்தத் திரும்பப் பார்த்தலில் இருக்கிறது. அதனால் முத்திரையுள்ள டொபியையே தேடி வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான தெரிவு. ஆனால் முத்திரையில்லாத டொபி ஹராம் என்று அவர் சொன்னால், அவர் சாட்சியில்லாத இடத்தில் தீர்ப்பு வழங்குகிறார்.

அரபுச் சொல் எதுவுமில்லாத ஒரு அடையாளமும் இந்த வாசிப்பில் உதவும். நம் கடைகளுக்கு வரும் இந்தியப் பொதிகளில் பச்சைச் சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். பாலும் தேனும் போன்ற சிலவற்றைத் தவிர விலங்கிலிருந்து வந்த எதுவும் இல்லை என்பது அதன் பொருள். 471, ஜெலட்டின் இரண்டைப் பற்றிய கேள்விக்கும் அது விடை சொல்லிவிடுகிறது. மதுசாரம் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மரக்கறி உண்பவருக்காக அடித்த புள்ளி, வாசிக்கத் தெரிந்த முஸ்லிமுக்கும் பாதி வழி துணை வருகிறது.

அச்சாகாத சொல்

கடைசியாக ஹராம். தன் பொருளின் மேல் இந்தச் சொல்லை எந்த உற்பத்தியாளரும் அச்சடிக்கமாட்டார். ஹலால் சட்டம் கடுமையாக உள்ள இந்தோனேசியாவில்கூட, தடுக்கப்பட்ட சேர்மானம் உள்ள பொருளில் "ஹலால் அல்ல" என்று குறிப்பிடவே 2014ஆம் ஆண்டின் சட்டம் கோருகிறது. அந்த நாட்டுச் சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது, "ஹலால் அல்ல" என்பது பொருளைப் பற்றிய தகவல், "ஹராம்" என்பது தீர்ப்பு. நம் நாட்டுப் பொதியில் இவை இரண்டும் இல்லை. பன்றி இறைச்சி என்றோ மதுசாரம் என்றோ சேர்மானத்தில் எழுதியிருந்தால் தெளிவு அங்கேயே இருக்கிறது, அரபுச் சொல் தேவையில்லை.

ஆகவே நம்மிடையே ஹராம் என்ற சொல் அச்சில் வாழவில்லை, நாவில் வாழ்கிறது. நாவால் இது ஹலால், இது ஹராம் என்று இட்டுக்கட்டிச் சொல்வதை அல்குர்ஆன் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனத்தில் கண்டிக்கிறது. ஹராமை ஹலாலாக்குவதை மட்டும் அங்கே கண்டிக்கவில்லை, இரண்டு திசையும் அதில் உண்டு. பேணுதல் என்ற பெயரில் ஹராமைப் பெருக்குவது பாதுகாப்பான பக்கம் என்று நாம் நினைக்கிறோம். அது அப்படி அல்ல.

பேணுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன ஹதீஸே சந்தேகமானவற்றைத் தவிர்த்தவர் தன் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்தைத் தருகிறது. தன் மார்க்கம், தன் மானம். அங்கே தவிர்ப்பவர் தன் வாயைத்தான் மூடுகிறார், மற்றவர் கையைத் தட்டிவிடுவதில்லை. "நான் சாப்பிடுவதில்லை" என்ற தன்மை வாக்கியத்துக்கும் "அது ஹராம்" என்ற படர்க்கை வாக்கியத்துக்கும் உள்ள தூரத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கவில்லை. பட்டியல் கொடுத்தோம், வாசிப்பைக் கொடுக்கவில்லை.

பட்டியல் போடுபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. "மஷ்பூஹ்" என்ற நிரலை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றின் தலைப்பு "கொம்பனியிடம் கேட்கவும்", மற்றதன் தலைப்பு "ஆலிமிடம் கேட்கவும்". 471 முதலாவதில் போகட்டும், 120 இரண்டாவதில் போகட்டும். அரபுச் சொல் ஒன்று குறையும், ஆனால் அதைப் பார்ப்பவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியும்.

கொம்பனியின் பதில் வந்த மறுநாள் வகுப்பில் அந்தப் பையின் சேர்மானத்தைக் கரும்பலகையில் எழுதினேன். எட்டுச் சொற்களையும் பிள்ளைகளே ஒவ்வொன்றாக வாசித்துத் தட்டினார்கள். இரண்டில் நின்றார்கள். கேட்டு வந்த பதிலைச் சொன்னேன். கையை இழுத்துக்கொண்ட அதே பிள்ளை எழுந்து, "அப்ப திண்ணலாமா சேர்?" என்று கேட்டான். திண்ணலாம் என்றேன். ஆனால் டொபி இருக்கவில்லை. முதல் நாளே அவன் பையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோயிருந்தான்.

அடுத்த வருடம் அவன் பிறந்தநாளுக்கு ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழம் கொண்டு வந்தான். முதல் பழத்தை என்னிடம் தந்து, "இதுல ஒண்டும் அடிச்சி இல்ல சேர்" என்றான்.